டெலிட் பண்ணியாச்சு... ஆனா போட்டோ இன்னும் சர்வரில் இருக்கா? கூகுள் போட்டோஸில் நடப்பது என்ன?

யாரும் பார்த்துவிடக் கூடாத ஒரு படத்தை கூகுள் போட்டோஸில் டெலிட் செய்கிறார் ஒருவர். தேதி ஜனவரி 1 என்று வைத்துக்கொள்வோம். திரையில் படம் காணோம். அப்பாடா என்று போனை கீழே வைத்துவிடுகிறார். ஆனால் அந்த நொடியில் படம் இடம்தான் மாறியிருக்கிறது, அழியவில்லை.

பேக்கப் ஆகியிருந்த படம் என்றால் முதலில் ட்ராஷுக்குப் போகும். அங்கே 60 நாள் இருக்கும். அதாவது மார்ச் தொடக்கம் வரை, அந்தக் கணக்கைத் திறக்கத் தெரிந்த யாரும் அதை மீட்டுவிடலாம். உண்மையான ஆபத்து இந்தக் கட்டத்தில்தான். பலரும் இதைக் கவனிப்பதே இல்லை.

ட்ராஷையும் காலி செய்துவிட்டால்?

அதன்பிறகு பயனரால் படத்தைப் பார்க்கவோ மீட்கவோ முடியாது. ஆனால் ஒரே படத்தின் நகல்கள் பல சர்வர்களில் இருக்கும். எல்லாவற்றிலும் தேடி அழிக்க வேண்டும். அழித்த நாளிலிருந்து இதற்குப் பொதுவாக 2 மாதம் வரை ஆகும் என்கிறது கூகுள். பேக்கப் சேமிப்பில் மட்டும் 6 மாதம் வரை தங்கலாம்.

பேக்கப்பில் ஏன் இவ்வளவு தாமதம்? அங்கே படங்கள் தனித்தனியாக அடுக்கி வைக்கப்படுவதில்லை. பலருடைய தரவுகள் சேர்ந்து, பூட்டிய பெரிய மூட்டைகளாக இருக்கும். ஒரு படத்துக்காக மூட்டையைப் பிரிக்க மாட்டார்கள். அதன் காலம் முடிந்ததும் மொத்தமாகக் கழித்துவிட்டு, மேலே புதியதை எழுதுவார்கள். அதுவரை அந்தப் படம் உள்ளே கிடக்கும், ஆனால் ஆப்பில் தேடினால் வராது.

சரி, இப்படி ஒரு பேக்கப் தேவையா? 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் கோளாறால், ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேரின் இன்பாக்ஸ் திடீரென காலியானது. வெவ்வேறு டேட்டா சென்டர்களில் இருந்த நகல்களையும் அதே கோளாறு பதம் பார்த்துவிட்டது. கைகொடுத்தது, நெட்வொர்க்கில் இணைக்காமல் தனியே வைத்திருந்த டேப்கள். அழிக்கும் உத்தரவு உடனே போய்ச் சேராத இடம் என்பதால்தான் அவை தப்பின. நாம் டெலிட் செய்த படம் அங்கே தாமதமாக அழிவதும் இதே காரணத்தால்தான்.

எனவே அந்தரங்கப் படம் என்றால் 60 நாள் காத்திருக்க வேண்டாம். ஆப்பில் ட்ராஷைத் திறந்து அன்றைக்கே காலி செய்துவிடலாம்.

ஒன்று மட்டும் இந்தக் கணக்கில் வராது. படத்தை ஏற்கெனவே பகிர்ந்து, மற்றவர் அதைத் தன் கணக்கில் சேமித்திருந்தால் அது அவருடைய நகல். இங்கே ட்ராஷைக் காலி செய்தாலும், 6 மாதம் கழிந்தாலும், அவர் அழிக்கும் வரை அது அங்கேயே இருக்கும்.