75 டிகிரி, எந்த இடத்தில்?

பால் பண்ணையில் டேங்கையும் குழாய்களையும் கழற்றிப் பிரஷ் போட்டுத் தேய்ப்பதில்லை. பூட்டியது பூட்டியபடியே இருக்க, முதலில் தண்ணீரும் அடுத்துக் காஸ்டிக்கும் பம்ப் வழியாக ஓடிச் சுத்தம் செய்கின்றன. இடையிடையே ஆசிட்டும் ஓடும். தொழிலாளர்கள் இதை ‘சிஐபி’ என்பார்கள். தமிழில் சொல்வதானால், கழற்றாமல் கழுவுவது.

இதற்கான செயல்முறைத் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. பால் டேங்க் கழுவுவதற்கான அதன் முக்கிய வரியை அகராதியை வைத்து மொழிபெயர்த்தால் இப்படி அமையும்: ‘1.5 சதவீதச் செறிவுள்ள காரக் கரைசலை 75 டிகிரி செல்சியஸில் 10 நிமிடத் தொடர்பு நேரத்திற்குச் சுழற்றவும்.’ இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் இரவு ஷிப்டில் வால்வைத் திருப்பும் ஆபரேட்டருக்கு ‘காரம்’ என்றால் மிளகாய். ‘தொடர்பு’ என்றால் போன். அவர் புழங்கும் சொற்கள் காஸ்டிக், ஸ்ட்ரென்த். பள்ளிப் புத்தகச் சொற்களுக்காக அவற்றை விரட்டுவது வீண் பிடிவாதம்.

சொற்களை மாற்றினால் மட்டும் போதாது. சிக்கல் எண்களுக்குள் இருக்கிறது.

1.5 சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். 500 லிட்டர் கரைசல் தயாரிக்க 7.5 கிலோ காஸ்டிக் வேண்டும். செதில் காஸ்டிக் என்றால் கிட்டத்தட்ட முழுவதும் சரக்குதான். அப்படியே நிறுத்துப் போடலாம். ஆனால் கேனில் வரும் காஸ்டிக் லை பெரும்பாலும் பாதி தண்ணீர். அதிலும் 7.5 கிலோவே ஊற்றினால் ஸ்ட்ரென்த் 0.75 சதவீதத்தில் நின்றுவிடும். 15 கிலோ ஊற்ற வேண்டும். லை தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால், லிட்டரில் அது 10தான். எனவே தமிழ்த் தாளில் சதவீதத்தோடு நிறுத்தாமல், ‘500 லிட்டருக்குச் செதில் என்றால் 7.5 கிலோ, 50 சதவீத லை என்றால் 10 லிட்டர்’ என்று எழுதிவிடுவது நல்லது.

சரிபார்க்க வழி உண்டு. கரைசலில் 10 மில்லி எடுத்து ஆறவைத்து, இரண்டு சொட்டு பினாப்தலின் விட்டால் இளஞ்சிவப்பாகும். அதில் ஒரு நார்மல் ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட, 3.75 மில்லியில் நிறம் மறைந்தால் 1.5 சதவீதம். 1.9 மில்லியிலேயே மறைந்தால் யாரோ லையைச் செதில் கணக்கில் ஊற்றியிருக்கிறார் என்று பொருள்.

அடுத்தது ‘75 டிகிரியில்’. எந்த இடத்தில்? காஸ்டிக் டேங்கின் தெர்மாமீட்டர் 75 காட்டும்போது, குளிர்ந்த குழாய்களையும் பால் டேங்கையும் சுற்றித் திரும்பும் கரைசல் 60கூட இல்லாமல் இருக்கலாம். கொழுப்பும் புரதமும் ஒட்டியிருப்பது அந்தத் தொலைவில்தான். ஆகவே அளவு பார்க்க வேண்டிய இடம் திரும்பும் குழாய். ‘75 வரை’ என்று எழுதுவதும் ஆபத்து. அதற்குமேல் போகக் கூடாது என்றே படிப்பார்கள். ‘திரும்பும் குழாயில் 75-க்குக் கீழே இறங்கக் கூடாது’ என்றால் குழப்பமில்லை.

அந்தப் பத்து நிமிடமும் இதோடு பிணைந்தது. பம்ப் ஐந்து மணிக்கு ஓடத் தொடங்குகிறது. திரும்பும் குழாயில் 75 வர 5.06 ஆகிறது. ஆபரேட்டர் 5.10-க்கு நிறுத்துகிறார். பதிவேட்டில் 10 நிமிடம். அழுக்கின்மேல் சரியான சூட்டில் காஸ்டிக் பட்டது நான்கே நிமிடம். டேங்க் காய்ந்ததும் டார்ச் அடித்தால், சுவரில் வானவில் போல மினுங்கும் மெல்லிய படலம் தெரியும். அது போகாத புரதம்.

ஆக, அந்த ஒற்றை ஆங்கில வரி தமிழில் நான்காகப் பிரிய வேண்டியிருக்கிறது:

‘காஸ்டிக் ஸ்ட்ரென்த் 1.5 சதவீதம் இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். கரைசலைச் சுற்றவிட்டு, திரும்பும் குழாயில் 75 டிகிரி வரும்வரை காத்திருங்கள். வந்த பிறகு கடிகாரம் பார்த்து 10 நிமிடம் ஓடவிடுங்கள். நடுவில் சூடு இறங்கினால் நேரத்தை மறுபடி முதலிலிருந்து கணக்கிடுங்கள்.’

மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று மொழிபெயர்ப்பாளர் தயங்குவது நியாயமே. திரும்பும் குழாய் என்பதும் மறுபடி எண்ணுவதும் அவர் ஊகிக்க வேண்டியவை அல்ல. அந்தப் பிளான்ட்டின் தரக்கட்டுப்பாட்டுக்காரரிடம் கேட்டு எழுத வேண்டியவை.

சில இடங்களில் தமிழின் வேற்றுமை உருபே காப்பாற்றுகிறது. ‘காஸ்டிக் தண்ணீர் சேர்க்கவும்’ என்று தந்தி மொழியில் எழுதினால் எதில் எதைச் சேர்ப்பது? செதில்மேல் தண்ணீரை ஊற்றினால் சட்டென்று கொதித்து முகத்தில் தெறிக்கும். ‘தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்’ என்பதில் இல்லும் ஐயும் வேலையை முடித்துவிடுகின்றன.

கடைசி அலசலுக்கு ஆங்கிலத் தாள் ‘நடுநிலை ஆகும்வரை’ என்கிறது. நடுநிலையைக் கண்ணால் பார்க்க முடியாது. ‘வெளியேறும் தண்ணீரில் பினாப்தலின் விட்டால் சிவக்கக் கூடாது’ என்று எழுதினால் பார்த்துச் சொல்லலாம்.