விமான நிலையம் செல்லும் வாடகைக் கார்: ஏறுமுன் கவனிக்க வேண்டியவை

களியக்காவிளையிலிருந்து உம்ராவுக்குப் புறப்படுவோர் பெரும்பாலும் திருவனந்தபுரம் விமான நிலையத்தையே நாடுகின்றனர். இக்காலத்தில் கைபேசிச் செயலி வழியாகக் கார் அழைத்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. வழியனுப்ப உம்மாவும் வாப்பாவும் பிள்ளைகளுமாக ஏழு பேர் ஒரே காரில் நெருக்கி ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்பயணத்தில் கவனிக்க வேண்டியவை என்ன?

முதலாவது, பெர்மிட். வாடகைக் காரின் எண்பலகை மஞ்சள் நிறத்தில் கறுப்பு எழுத்துடன் இருக்கும். மின்சார வாடகைக் காருக்குப் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகையுள்ள சொந்தக் கார் கூலிக்கு வந்தால் அதற்கு பெர்மிட் இல்லை என்று அறியலாம். தமிழ்நாட்டுப் பதிவுள்ள கார் எல்லை தாண்ட அகில இந்திய சுற்றுலா பெர்மிட் வேண்டும். இல்லையேல் கேரளத்திற்கான தற்காலிக பெர்மிட்டும் வரியும் வேண்டும். இதை ஏறுமுன்பே ஓட்டுநரிடம் கேட்டுவிடுவது நல்லது. பாதி வழியில் நிறுத்தப்பட்டால் விமானம் காத்திராது.

இரண்டாவது, ஓட்டுநர். 2014 டிசம்பரில் டெல்லியில் செயலி வழியாக அழைத்த காரில் ஒரு பெண் வன்கொடுமைக்கு ஆளானார். முன்னரே குற்ற வழக்கில் சிக்கியிருந்த அந்த ஓட்டுநரை நிறுவனம் முறையாக விசாரிக்கவில்லை என்பது அப்போது வெளியாயிற்று. மத்திய அரசு 2020-இல் வெளியிட்டு 2025-இல் புதுப்பித்த நெறிமுறைகள், ஓட்டுநரைச் சேர்க்குமுன் போலீஸ் விசாரணையைக் கேட்கின்றன. அவற்றை நடைமுறைப்படுத்துவது மாநில அரசுகளின் பொறுப்பு. ஆனால் விசாரிக்கப்பட்டவர் ஒருவர், வண்டியோட்டுபவர் வேறொருவர் என்றால் அந்த விசாரணையால் பயனில்லை. ஆகவே திரையில் காணும் முகத்தையும் வண்டி எண்ணையும் நேரில் ஒப்பிடுங்கள். ஒன்று மாறினாலும் ஏற வேண்டாம்.

மூன்றாவது, இருக்கை. பதிவுச் சான்றில் '5' என்றிருந்தால் அதில் ஓட்டுநரும் அடக்கம், பயணிகள் நால்வரே. நம் ஏழு பேரில் மூவர் அதிகம். தலைக்கு ரூ.200 வீதம் ரூ.600 அபராதம், அதிகப்படியானோர் இறங்கி வேறு வண்டி பிடிக்கும்வரை காரும் நகரக் கூடாது.

அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. 42 பேருக்கு அனுமதி பெற்ற ஒரு பேருந்தில் ஏறத்தாழ 90 பேர் சென்று விபத்துக்குள்ளான வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மட்டுமே இன்ஷூரன்ஸ் நிறுவனம் பொறுப்பு. அத்தொகையையே பாதிக்கப்பட்ட அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மீதியை வண்டி உரிமையாளரிடம்தான் வசூலிக்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு. அதாவது, அதிகமாக ஏறும் ஒவ்வொருவரும் மற்றவர் இழப்பீட்டையும் குறைக்கிறார். எனவே ஏழு பேருக்கு இரண்டு கார்களே முறை.

குறை கூறுவதெங்கே? ஓட்டுநரோ எண்ணோ மாறியிருந்தால், பயண விவரம் காணும் திரையைப் படமெடுத்து வைத்துச் செயலியின் புகார்ப் பகுதியில் தெரிவியுங்கள். பெர்மிட், கூடுதல் ஆட்கள், வர மறுத்தல் ஆகியவற்றுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகலாம். நமக்கு அருகில் இருப்பது மார்த்தாண்டம். கட்டணத் தகராறுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. வழியில் ஆபத்தென்று தோன்றினால் தயங்காமல் 112.

புகாரில் வண்டி எண், நாள், நேரம், ஏறிய இடம் ஆகிய நான்கும் இருக்கட்டும். இவை இல்லாத புகாரைத் தொடர்ந்து விசாரிப்பது அதிகாரிகளுக்கு அரிது.