மூன்று வாரமாகியும் தணியாத காய்ச்சல்

சாதாரண வைரஸ் காய்ச்சல் ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். டெங்கு, மலேரியா, டைபாய்டு போன்றவையும் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடையாளம் தெரிந்து சிகிச்சைக்கு வந்துவிடும். ஆனால் சிலருக்கு மூன்று வாரத்தைத் தாண்டியும் 101 டிகிரி காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும். வழக்கமான பரிசோதனைகள் எல்லாம் எடுத்தும் எதனால் என்று பிடிபடாது. இதைத்தான் மருத்துவர்கள் ‘காரணம் தெரியாத நீடித்த காய்ச்சல்’ என்கிறார்கள்.

1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்களான பீட்டர்ஸ்டார்ஃபும் பீசனும் இப்படிப்பட்ட 100 நோயாளிகளை ஆராய்ந்து இதற்கு முதன்முதலில் ஒரு வரையறை வகுத்தார்கள். மூன்று வாரம் என்ற கணக்கு அவர்கள் வைத்ததுதான். சாதாரணக் காய்ச்சல்கள் எல்லாம் அதற்குள் வடிகட்டப்பட்டுவிடும் என்பதே அதன் நோக்கம். எஞ்சி நிற்கும் காய்ச்சல்களுக்கும் காரணம் பெரும்பாலும் அபூர்வ நோயாக இருப்பதில்லை. நமக்குத் தெரிந்த நோயே வழக்கமான அறிகுறிகளைக் காட்டாமல் மறைந்திருக்கும்.

காரணங்களை நான்கு கூடைகளாகப் பிரிக்கலாம். முதலாவது தொற்று. நம் நாட்டில் இதுவே முதலிடம் வகிக்கிறது. அதிலும் முன்னால் நிற்பது காசநோய். நுரையீரலை விட்டுவிட்டு நிணநீர்க் கட்டி, வயிற்று உறை, முதுகெலும்பு, எலும்பு மஜ்ஜை என்று வேறிடத்தில் காசநோய் குடியேறும்போது இருமலே இருக்காது. மார்பு எக்ஸ்ரேவும் சுத்தமாக இருக்கும். கல்லீரல் சீழ்க்கட்டி, இதய வால்வில் கிருமித் தொற்று, மாடு ஆடுகளிடமிருந்து வரும் புருசெல்லா ஆகியவையும் இந்தக் கூடையில்தான் சேரும். இரண்டாவது புற்றுநோய், குறிப்பாக நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமா. மூன்றாவது, உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் லூபஸ் போன்ற அழற்சி நோய்கள். நான்காவது இதர காரணங்கள். சாப்பிடும் மாத்திரையே காய்ச்சலைத் தருவதும் இதில் உண்டு. அப்படிப்பட்ட காய்ச்சல், மருந்தை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் இறங்கிவிடும்.

இத்தனையிலிருந்து ஒன்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மருத்துவமனைகளில் நடப்பதை ஒட்டி ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம்.

அவர் 38 வயது விசைத்தறித் தொழிலாளி. ஐந்து வாரமாகச் சாயங்காலமானால் காய்ச்சல், இரவில் வியர்வை. ஆறு கிலோ எடை குறைந்துவிட்டது. பக்கத்துக் கிளினிக்கில் விடால் பரிசோதனை பாசிட்டிவ் என்று டைபாய்டுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். சாப்பிட்டவரை காய்ச்சல் குறைந்தது, நிறுத்தியதும் திரும்பியது. வேறு இடத்தில் வேறு ஆன்டிபயாட்டிக். அங்கும் அதே கதை. ஒருமுறை எடுத்த ரத்தக் கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை. ‘காசநோய் மாத்திரையை ஆரம்பித்துப் பார்க்கலாமா?’ என்ற கட்டத்தில் அவர் ஒரு பொதுநல மருத்துவரிடம் வருகிறார்.

அந்த மருத்துவர் முதலில் ஸ்கேனுக்கு எழுதித் தருவதில்லை. உட்காரவைத்துப் பேசுகிறார். ஊர், தொழில், வீட்டில் மாடு உண்டா, யாருக்காவது காசநோய் இருந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். அப்போது இரண்டு தகவல்கள் வெளிவருகின்றன. சிறுவயதில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டு பிறகு விட்டுவிட்டிருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருக்கிறார்.

அடுத்தது உடல் பரிசோதனை. ஸ்டெதாஸ்கோப்பில், இதயத் துடிப்போடு சேர்ந்து ரத்தம் பின்னோக்கிக் கசியும் ஓசை கேட்கிறது. மண்ணீரல் லேசாக வீங்கியிருக்கிறது. விரல் நகங்களுக்கு அடியில், சிலாம்பு ஏறியதுபோல் மெல்லிய செம்பழுப்புக் கோடுகள் இரண்டு தெரிகின்றன. சிறுநீரில், கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்த அணுக்கள் இருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அற்பமானது. நான்கும் சேரும்போது, சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலால் பழுதான இதய வால்வில், வாயிலிருந்து புறப்பட்ட கிருமி ஒட்டி வளர்கிறதோ என்ற சந்தேகம் வலுக்கிறது.

இங்கேதான் முக்கியமான முடிவை எடுக்கிறார். நோயாளியின் ரத்த அழுத்தமும் மூச்சும் சீராக இருப்பதால் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துகிறார். முன்பு கல்ச்சரில் கிருமி வளராததற்குக் காரணம் கிருமி இல்லாததல்ல; ஏற்கெனவே சாப்பிட்ட மருந்து அதை அமுக்கிவைத்திருந்ததுதான். சில நாள் விட்டு, நேர இடைவெளியில், வெவ்வேறு இடங்களில் ஊசி குத்தி மூன்று முறை ரத்தம் எடுக்கப்படுகிறது. மூன்றிலும் ஒரே கிருமி வளர்கிறது. அது வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை. எக்கோ பரிசோதனையில் மைட்ரல் வால்வின் இதழில் ஒரு சிறு முடிச்சு ஆடுவது தெரிகிறது. நோய் உறுதியாகிவிட்டது. கிருமி கட்டுப்படும் மருந்தைத் தேர்ந்தெடுத்து, ரத்தக்குழாய் வழியாக நான்கு வாரம் ஊசி போடப்படுகிறது.

எல்லோருக்கும் இப்படித் துப்பு கிடைத்துவிடாது. அப்போது படிப்படியாகப் போகவேண்டும். முதல் படியில் ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ஈ.எஸ்.ஆர்., கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள், சிறுநீர், எச்.ஐ.வி., ரத்தக் கல்ச்சர், மார்பு எக்ஸ்ரே, வயிற்று அல்ட்ராசவுண்ட் வரும். அதிலும் பிடிபடாவிட்டால் மார்புக்கும் வயிற்றுக்கும் சி.டி. ஸ்கேன், எக்கோ. சந்தேகத்துக்குரிய இடம் தெரிந்தால் அங்கிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான் கடைசித் தீர்ப்பைச் சொல்லும். கழுத்துக் கட்டி காசநோயா லிம்போமாவா என்பதை ஸ்கேன் மட்டும் உறுதியாகச் சொல்லாது. எந்த இடம் என்றே தெரியாதபோது பெட் ஸ்கேன் உதவும். நோயாளியைத் திரும்பத் திரும்பப் பரிசோதிப்பதும் சோதனைதான். முதல் நாள் இல்லாத கட்டி பத்தாம் நாள் தென்படலாம். இத்தனைக்குப் பிறகும் சிலருக்குக் காரணம் தெரியாமலே போவதுண்டு. அவர்களில் பலருக்குக் காய்ச்சல் மெல்லத் தானாகவே நின்றுவிடுகிறது.

நோய் தெரியாமல் மருந்து கொடுப்பதில் உள்ள ஆபத்தை அந்தத் தறித் தொழிலாளியை வைத்தே பார்க்கலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் வேறு பல கிருமிகளையும் ஓரளவு அடக்கும். அதைத் தொடங்கியிருந்தால் காய்ச்சல் சற்றுக் குறைந்து, ‘காசநோய்தான்’ என்று நம்பவைத்திருக்கும். அதற்குள் வால்வு அரித்துப்போயிருக்கும்; முடிச்சின் துணுக்கு மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வந்திருக்கலாம். ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் காய்ச்சல் இறங்கியிருக்கும், கிருமி பெருகியிருக்கும். ஆனால் நிலைமை மோசமாகும் நோயாளிக்கும், கீமோதெரப்பியால் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்தவருக்கும் இந்தப் பொறுமை பொருந்தாது. அவர்களுக்குக் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு சிகிச்சை தொடங்கவேண்டும்.

உங்கள் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் தெர்மாமீட்டரில் நாளுக்கு நான்கு முறை பார்த்து, நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக்கை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். நோயைக் காட்டிக்கொடுக்க வேண்டிய கல்ச்சரை அதுதான் முதலில் கெடுக்கிறது.