நேர்காணலுக்கு முன்னே வரும் ரகசிய ஒப்பந்தம்

கோயம்புத்தூரில் பம்புசெட் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஏழாண்டுகளாக வடிவமைப்புப் பொறியாளராக இருந்துவரும் என் நண்பரின் மகளுக்குச் சென்ற மாதம் சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அதனுடன் இரண்டரைப் பக்கத்தில் ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தமும், மறுநாள் மாலைக்குள் கையொப்பமிட்டு அனுப்பினால்தான் நேர்காணல் நடைபெறும் என்ற குறிப்பும் இருந்தன. தொழிற்சாலை வாசலில் காவலாளியின் நோட்டில் பெயர் எழுதுவதைப்போல் இதிலும் எழுதிவிட வேண்டியதுதானே என்றார் தகப்பனார். மூன்றாம் பக்கத்தில் பத்து லட்சம் ரூபாய் என்று கண்ட மகளுக்கோ கை எழவில்லை. இருவரும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

இப்படி ஒரு தாளைக் கம்பெனி அனுப்புவதில் துர்நோக்கம் இருக்கத்தான் வேண்டுமென்பதில்லை. வியாபார ரகசியத்தைக் காப்பதற்கென்றே தனிச் சட்டம் இன்றுவரை நம் நாட்டில் இயற்றப்படவில்லை. அப்படியொன்று வேண்டுமென்று சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289-வது அறிக்கையில் பரிந்துரைத்ததோடு விஷயம் நிற்கிறது. ஆகவே, இன்னும் சந்தைக்கு வராத பம்பு ஒன்றின் வரைபடத்தை அந்நியர் ஒருவர் முன் விரித்து வைத்து அபிப்பிராயம் கேட்க விரும்பும் கம்பெனி, எழுத்து மூலமான உடன்படிக்கையையே பெரிதும் நம்பியிருக்க வேண்டியதாகிறது. சட்டம் மௌனமாயிருக்கும் இடத்தில் தாளில் உள்ள சொல்லே சட்டமாகிவிடும் என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

அந்தப் பெண்ணைத் திகைக்கவைத்த ஷரத்துகள் இரண்டு: மீறினால் பத்து லட்சம் நஷ்டஈடு என்பது ஒன்று; நேர்காணலுக்குப் பின் இரண்டாண்டுகள் வேறு பம்புக் கம்பெனி எதிலும் சேரக் கூடாது என்பது மற்றொன்று. வேடிக்கை என்னவென்றால், பயமுறுத்துகின்ற இவ்விரண்டிலுந்தான் சட்டம் நமக்குத் துணையாக நிற்கிறது. நியாயமான தொழில் எதையும் செய்யவொட்டாமல் ஒருவரைத் தடுக்கும் உடன்படிக்கை அந்த அளவுக்குச் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-ஆம் பிரிவில் சொல்கிறது. வேலையில் இருக்கும் காலத்தில் போட்டியாளரிடம் போகக் கூடாதென்ற தடையை உச்ச நீதிமன்றம் 1967-இல் கோலிகரி வழக்கில் ஏற்றுக்கொண்டது உண்மை; ஆனால் வேலையிலேயே சேராத ஒருவருக்கு அந்தத் தீர்ப்பைப் பொருத்துவது கடினம். நஷ்டஈட்டுத் தொகையும் அப்படியே. 74-ஆம் பிரிவின்படி அது உச்சவரம்பேயன்றி, மீறியவுடன் எண்ணிக் கொடுக்கவேண்டிய பாக்கியன்று. நீதிமன்றம் அதற்குட்பட்டு நியாயமானதையே வழங்கும். எனினும் நஷ்டத்தைக் கணக்கிட்டு நிரூபிப்பது கடினமாயிருந்து, குறித்த தொகையும் நியாயமான முன்மதிப்பீடாகத் தோன்றினால், அதையே கொடுக்கச் சொல்லவும் கூடும். அன்றியும், செல்லாத ஷரத்தைக் காட்டி வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. எனவே இரண்டாண்டுத் தடையை அடித்துவிடும்படி ஒரு வரி கேட்கலாம். ஆனால் கேள்வி முழுவதையும் அதிலேயே செலவழித்துவிடலாகாது.

கேட்கவேண்டிய கேள்வி, சத்தம் போடாத முதல் ஷரத்தில் இருந்தது. ‘நேர்காணலின்போது இருதரப்பினருக்கும் இடையே பரிமாறப்படும் தகவல் அனைத்தும் கம்பெனியின் ரகசியத் தகவல்’ என்பது அதன் சாரம். இருதரப்பினருக்கும் இடையே என்ற சொற்களை நான் இருமுறை படித்தேன். கம்பெனி சொல்வது மட்டுமல்ல, இவள் சொல்வதும் கம்பெனியின் ரகசியமாகிவிடுகிறது. மணல் கலந்த ஆழ்குழாய்க் கிணற்று நீர் இம்பெல்லரை அரிப்பதைப் பற்றி ஏழாண்டுகளில் இவள் கற்ற அனுபவத்தை ஒருமணி நேரம் விவரித்துவிட்டால், அதை நாளைக்கு வேறோர் இடத்தில் பேசுவதும் மீறல் என்று வாதிக்க இடமுண்டு. இத்தகைய தாள்களில் வழக்கமாகக் காணும் விலக்குகள், அதாவது முன்பே அறிந்தது, பொதுவில் வெளியானது, பிறரிடமிருந்து நியாயமாகப் பெற்றது, தானாகவே கண்டுபிடித்தது, சட்டம் வெளியிடச் சொல்வது ஆகியவை ரகசியமாகா என்ற வரிகள், இதில் ஒன்றுகூட இல்லை. கையொப்பமிடுபவர் முதலில் தேடவேண்டியது அந்த வரிகளையே.

இதற்கு அடுத்தபடியாக, நேர்காணலில் விண்ணப்பதாரர் அளிக்கும் ‘யோசனை, தீர்வு, வரைபடம்’ யாவும் கம்பெனிக்கே உரியன என்று ஐந்தாம் ஷரத்து கூறியது. நேர்காணலுக்கு முன் வீட்டிலிருந்தே செய்து அனுப்பவேண்டிய வடிவமைப்புப் பணி ஒன்றும் கொடுக்கப்பட்டிருந்ததால் இதை லேசாக விடமுடியவில்லை. ஊழியர் தம் பணியின்போது உண்டாக்கும் படைப்பு, மாறான உடன்பாடு இல்லாதவரை, முதலாளிக்குச் சொந்தம் என்று பதிப்புரிமைச் சட்டம் சொல்வதுண்டு; இவள் ஊழியரல்லள், ஆதலால் வரைபடத்தின் உரிமை இவளுடையதே. அதைப் பிறருக்கு மாற்றக் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். அந்த எழுத்தைத்தான் இந்த ஷரத்து சந்தடியின்றி வாங்கிக்கொள்கிறது. பதிப்புரிமை காப்பது வரைபடத்தையேயன்றி அதனுள்ளிருக்கும் யோசனையை அல்ல என்பதால், வாயால் சொன்ன நல்ல யோசனையைக் கேட்டவர் பயன்படுத்திக்கொண்டால் பெரும்பாலும் தடுக்க வழியில்லை. ஆகவே தேர்வுக்காகச் செய்யும் பணியை மதிப்பீட்டிற்கு மட்டும் பயன்படுத்துவோம் என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டு வாங்குவது அவசியமாயிற்று.

இன்னொரு குறை, அந்தத் தாளில் இல்லாத ஒன்றைப் பற்றியது. அவள் இப்போதைய முதலாளிக்கும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவள். சென்னைக் கம்பெனி தன் ரகசியத்துக்கு வேலி கட்டிக்கொண்டதேயன்றி, அவளிடம் பிறர் ரகசியத்தைக் கேட்கமாட்டோம் என்று சொல்லவில்லை. காலவரம்பும் இல்லை, வேலை கிடைக்காதவரும் ஆயுள் முழுவதும் வாய்மூடியிருக்க வேண்டும் என்பது மிகை, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் போதும்.

மறுநாள் காலை அவள் அனுப்பிய மின்னஞ்சல் பெரிதல்ல. ஒப்பந்தத்தில் கையொப்பமிடச் சம்மதம் என்று தொடங்கி, ‘கம்பெனி எனக்கு வெளியிட்டு, ரகசியம் என்று குறிப்பிடும் தகவல்’ என்று முதல் ஷரத்தைத் திருத்தி வழக்கமான விலக்குகளைச் சேர்க்க முடியுமா, வடிவமைப்புப் பணி மதிப்பீட்டிற்கு மட்டுந்தானா, என் இப்போதைய முதலாளியின் தகவல் கேட்கப்படாது என்று ஒரு வரி சேர்க்கலாமா, காலவரம்பு எவ்வளவு, இரண்டாண்டுத் தடையை நீக்கலாமா என்று கேட்டிருந்தாள். மதியம் மனிதவளத் துறையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இது எல்லாருக்கும் அனுப்பும் வழக்கமான படிவந்தான், யாரும் அமல்படுத்தியதில்லை, கவலைப்படாதீர்கள் என்றார். இனிமையாகத்தான் பேசினார். ஆனால் எழுத்தில் உள்ளதே முழு உடன்பாடு என்று அதே தாளின் கடைசி ஷரத்து சொல்லும்போது அந்த இனிமைக்கு என்ன மதிப்பு? தாங்கள் சொன்னதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பினால் போதும் என்று அவள் கேட்டுக்கொண்டாள்.

மாலையில் திருத்திய தாள் வந்தது. முதல் ஷரத்து மாறியிருந்தது. வடிவமைப்புப் பணி மதிப்பீட்டிற்கு மட்டும் என்றும், காலம் மூன்றாண்டு என்றும் இருந்தது. பிறர் ரகசியம் பற்றிய வரி ஏழாம் ஷரத்தாகச் சேர்ந்திருந்தது. இரண்டாண்டுத் தடையையும் பத்து லட்சத்தையும் அவர்கள் எடுக்கவில்லை. அவள் கையொப்பமிட்டு, கம்பெனியின் கையொப்பத்துடன் ஒரு பிரதி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு போனாள். நேர்காணலில் இரண்டாவது கேள்வியே அவளுடைய தொழிற்சாலையில் இம்பெல்லருக்கு என்ன உலோகக் கலவை பயன்படுத்துகிறார்கள் என்பதுதானாம். ஒப்பந்தத்தின் ஏழாம் ஷரத்தைப் பாருங்கள் என்று சொன்னாளாம்.