குளிர் அறை ஏன் குளிர்வதில்லை?

கடற்கரையூர் ஒன்றில் மீனும் ஐஸ்கிரீமும் விற்கும் சிறிய கடை. அதன் பின்புறத்தில், ஆள் நுழையக்கூடிய குளிர் அறை ஒன்று உள்ளது. அதன் வெப்பநிலை −18 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஆனால் இரண்டு வாரங்களாக −9 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. ஐஸ்கிரீம் இளகத் தொடங்கிவிட்டது. "கம்ப்ரசர் பழுதாகிவிட்டது, மாற்ற வேண்டும்" என்று பார்த்தவர்கள் கூறினர். கடைக்காரர் அதற்காகக் கடன் வாங்கப் புறப்பட்ட வேளையில், குளிர்சாதனப் பணி செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் என்னையும் அங்கே அழைத்துச் சென்றார். அங்கே நாங்கள் கண்டதைச் சொன்னால், குளிர் அறையின் இயற்பியல் உங்களுக்கு விளங்கும்.

முதலில் குளிர்ச்சுருளைப் பார்த்தோம். அறைக்குள் கூரையை ஒட்டித் தொங்கும் பெட்டியில் குழாய்களும் அவற்றைச் சுற்றி நெருக்கமான அலுமினியத் தகடுகளும் இருக்கும். விசிறி அறைக் காற்றை அத்தகடுகளின் இடையே செலுத்துகிறது. சுருள் வறண்டு, பனியே இல்லாமல் இருந்தால் கம்ப்ரசரையோ குளிர்பொருளின் அளவையோ ஐயுறலாம். சுருளின் தொடக்கப் பகுதியில் மட்டும் பனி படிந்திருந்தால், பெரும்பாலும் குளிர்பொருள் குறைந்திருக்கும். இங்கோ சுருளின் பெரும்பகுதி வெள்ளைப் பனியால் அடைபட்டிருந்தது. ஒரு மூலையில் மட்டுமே தகடுகள் தெரிந்தன. சுருள் குளிர்ந்துதான் இருக்கிறது. அந்தக் குளிர்ச்சி அறைக்கு வந்து சேரவில்லை. பனி வெப்பத்தை எளிதில் கடத்தாது. அத்துடன் தகடுகளின் இடைவெளியை அடைத்துக் காற்றோட்டத்தையும் நிறுத்திவிடுகிறது.

அப்படியானால் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இவ்வளவு பனி எங்கிருந்து வந்தது? வந்த பனி ஏன் போகவில்லை?

பனி வரும் வழி

பனி வருவது கதவின் வழியாகத்தான். அறைக்குள் உள்ள குளிர்ந்த காற்று கனமானது. எனவே அது கதவின் அடிப்பகுதியில் உள்ள சந்து வழியே வெளியேறும். அதற்கு ஈடாக மேற்பகுதிச் சந்து வழியே வெளிக்காற்று உள்ளே வரும். இதைக் காண ஓர் ஊதுபத்தி போதும். மூடிய கதவின் விளிம்பில் வெளியிலிருந்து அதை மெதுவாக நகர்த்துங்கள். சந்து இருக்குமானால், மேலே புகை உள்ளே இழுக்கப்படும். கீழே வெளியே தள்ளப்படும்.

ஒரு தாள் துண்டைக் கொண்டும் சோதிக்கலாம். ரப்பர் பட்டைக்கும் சட்டத்துக்கும் இடையே தாளை வைத்துக் கதவை மூடி, பின் இழுத்துப் பாருங்கள். ஒரு சாண் இடைவெளிக்கு ஒருமுறை இப்படிச் செய்துகொண்டே வாருங்கள். பட்டை நன்றாகப் பொருந்தியிருந்தால் இழுக்கும்போது தடை தெரியும். இந்தக் கதவில் கீழே கீல் பக்கத்தில் சுமார் 60 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தாள் தடையின்றி வந்தது. மேல் மூலையிலும் அப்படியே. கதவு கீலில் சற்றுத் தொங்கியிருந்தது. பட்டையும் இறுகிக் கிழிந்திருந்தது. கதவுச் சட்டத்துக்குள் ஓடும் சிறு வெப்பக்கம்பி வேலை செய்யாததே கிழிசலுக்குக் காரணம். அது சூடாக இல்லையென்றால் பட்டை சட்டத்தோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பிய்ந்துவரும்.

இந்தச் சந்தின் வழியே மணிக்கு ஏறத்தாழ 5 கன மீட்டர் காற்று மாறுவதாகக் கொள்வோம். வெளியே 32 டிகிரி வெப்பம், 75 சதவீத ஒப்பு ஈரப்பதம். அந்தக் காற்றின் ஒரு கன மீட்டரில் சுமார் 25 கிராம் நீராவி உண்டு. −18 டிகிரியில் உள்ள காற்றோ ஏறத்தாழ 1 கிராம் மட்டுமே தாங்கும். மீதி 24 கிராம் சுருளில் பனியாகப் படிய வேண்டியதுதான். மணிக்கு 120 கிராம்; ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 கிலோ!

இந்தக் காற்றைக் குளிரச் செய்யவும் ஆவியை உறைய வைக்கவும் எடுக்க வேண்டிய வெப்பம் சுமார் 175 வாட். ஒன்றரை, இரண்டு கிலோவாட் திறனுள்ள இயந்திரத்துக்கு இது பெரிய சுமையன்று. ஆகவே சந்து வழியே வரும் வெப்பத்தைவிட, அதன் வழியே வரும் ஈரமே அறையைக் கெடுக்கிறது.

பனி போகும் வழி

பனியை நீக்கவென்றே சுருளுக்குள் வெப்பமூட்டும் கம்பிகள் உள்ளன. மெக்கானிக்குகள் அவற்றை டிஃப்ராஸ்ட் ஹீட்டர் என்பர். ஒரு நாளில் நான்கு முறை கடிகாரக் கருவி கம்ப்ரசரையும் விசிறியையும் நிறுத்தி, இக்கம்பிகளுக்கு மின்சாரம் தரும். பனி உருகி நீராகி, வடிகுழாய் வழியே வெளியே போகும்.

இந்த அறையில் 700 வாட் கம்பிகள் மூன்று, பக்க இணைப்பில் இருந்தன. 230 வோல்ட்டில் ஒரு கம்பி எடுக்கும் மின்னோட்டம் 700-ஐ 230-ஆல் வகுத்தால் கிடைக்கும்: சுமார் 3 ஆம்பியர். மூன்றும் சேர்ந்தால் 9 ஆம்பியர் ஓட வேண்டும். பனி நீக்கும் நேரத்தில் மாணவர் கிளாம்ப் மீட்டரை மாட்டினார். 3 ஆம்பியர்தான் காட்டியது.

பிறகு முதன்மைச் சுவிட்சை நிறுத்தி, மின்சாரம் இல்லை என்று மீட்டரால் உறுதி செய்துகொண்டு, கம்பிகளைத் தனித்தனியே கழற்றி மின்தடையை அளந்தோம். 230-ஐ 3-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 76 ஓம் வரவேண்டும். ஒரு கம்பி 75 ஓம் காட்டியது. மற்ற இரண்டிலும் மின்தடை முடிவிலி. அதாவது உள்ளே அறுந்துவிட்டன. எஞ்சிய கம்பி தன் அருகில் இருந்த பனியை மட்டும் உருக்கி வந்திருக்கிறது. ஒரு மூலை மட்டும் தெளிவாக இருந்ததன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

இங்கே ஒரு பொறி உண்டு. கம்பிகளோடு தொடரிணைப்பில் ஓர் ஈருலோகச் சுவிட்ச் இருக்கும். சுருள் சூடேறி, பனி உருகிய பின் மின்சாரத்தை நிறுத்துவதே அதன் வேலை. குளிர்ந்த நிலையில் மட்டுமே அது இணைந்திருக்கும். அறையை அணைத்துச் சூடேறவிட்ட பின் மொத்தச் சுற்றையும் அளந்தால், நல்ல கம்பியும் அறுந்ததாகவே தோன்றும். அதனால்தான் ஒவ்வொரு கம்பியையும் தனியே அளக்க வேண்டும். ஈருலோகச் சுவிட்சைச் சோதிப்பதானால் சுருள் குளிர்ந்திருக்கும்போதே சோதிக்க வேண்டும். கம்பிக்கும் அதன் உலோக உறைக்கும் இடையே மின்கசிவு உண்டா என்றும் பார்க்க வேண்டும். இது பயிற்சி பெற்றவர் வேலை. ஈரமான இடத்தில் நீங்கள் முயல வேண்டாம்.

கணக்குச் சரியா?

சரக்கை வேறு இடத்துக்கு மாற்றி, இறுகிய பனியைத் தண்ணீர் ஊற்றியே கரைத்தோம். கத்தியால் கொத்தினால் குழாய் துளைபட்டுவிடும். அன்றே இரண்டு கம்பிகளும் மாற்றப்பட்டன. மீட்டர் 9 ஆம்பியர் காட்டியது. மறுநாள் அறை −18 டிகிரியை அடைந்தது.

கதவுப் பட்டை வர ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை வடிகுழாயின் கீழே ஒரு வாளியை வைக்கச் சொன்னேன். ஒரு நாளில் நாலரை லிட்டர் நீர் சேர்ந்தது. புதிய பட்டை பொருத்தி, கீலைச் சரிசெய்து, சட்டத்தின் வெப்பக்கம்பியையும் மாற்றிய பிறகு, சேர்ந்த நீர் ஒன்றரை லிட்டராகக் குறைந்தது. வியாபாரத்துக்காகக் கதவைத் திறப்பதால் வரும் நீர் அது. குறைந்துபோன 3 லிட்டர், சந்து வழியே வந்த நீர். நாம் தாளில் போட்ட கணக்கும் அதுதானே!

கம்ப்ரசரில் யாரும் கை வைக்கவில்லை. கடைக்காரர் இப்போது மாதம் ஒருமுறை வாளியை வைத்து நீரை அளந்து குறித்துக்கொள்கிறார். அளவு கூடினால் கதவைப் பார்க்க வேண்டும். நீர் குறைந்து, அறையும் சூடேறினால் வெப்பமூட்டும் கம்பிகளையும் வடிகுழாயையும் பார்க்க வேண்டும்.