அளவு சொல்லும் சொல்

பழனிசெட்டிபட்டியில் வீட்டிலிருந்தபடியே பருத்திக் குர்த்தி தைத்து இணையத்தில் விற்கும் என் பழைய மாணவி ஒருவர், அண்மையில் தம் விற்பனைப் பக்கத்தைக் காட்டினார். துணியிலும் தையலிலும் குறையில்லை. ஆனாலும், '38' அளவு மட்டும் அடிக்கடி திரும்பி வந்தது.

காரணம் அளவுப் பட்டியலிலேயே இருந்தது. ஆங்கிலத்தில் 'கார்மென்ட் செஸ்ட் 38', அதாவது தைத்த ஆடையின் சுற்றளவு. தமிழில் வெறுமனே 'மார்பளவு 38'. தமிழில் படித்தவர் அதைத் தம் உடல் அளவாகவே கொண்டார். உடல் அளவு 38 அங்குலம் உள்ளவருக்கு, மூச்சுவிடவும் கை அசைக்கவும் 2 அங்குலமாவது தளர்வு வேண்டும். ஆடை 40 இருந்தாக வேண்டும். எனவே பட்டியலில் 'உங்கள் மார்புச் சுற்றளவு', 'ஆடையின் மார்புச் சுற்றளவு' என இரு பத்திகள் இரு மொழிகளிலும் இருக்க வேண்டும். எங்கே நாடா வைத்து அளப்பது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த சிக்கல் சுருக்கம். துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை அழியாத மையால் வரைந்து, மூன்று முறை துவைத்து உலர்த்தி அளக்கச் சொன்னேன். நீளம் 48 ஆகவும் அகலம் 49 ஆகவும் குறைந்திருந்தன. நீளத்தில் 4 சதவீதம், அகலத்தில் 2 சதவீதம். அதன்படி 40 அங்குல ஆடை 39.2 ஆகும், 2 அங்குலத் தளர்வு 1.2 ஆகச் சுருங்கும். 44 அங்குல உயரம் ஏறத்தாழ 42¼ ஆகிவிடும். வெட்டுவதற்கு முன்பே துணியை நனைத்து உலர்த்துவது நல்லது. இயலாதெனில், துவைத்த பிறகான அளவையே பட்டியலில் தர வேண்டும்.

பராமரிப்புக் குறிப்பிலும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு ஏமாற்றும். 'கோல்ட் வாஷ்' என்பது 'குளிர்ந்த நீர்' அன்று. நம் வீடுகளில் சொல்லும் பச்சைத் தண்ணீர்தான். 'டம்பிள் ட்ரை' கூடாதென்றால், சூடான காற்றில் உருட்டி உலர்த்தும் இயந்திரம் கூடாது என்பதே பொருள். அதை 'இயந்திரத்தில் உலர்த்தாதீர்' என்று எழுதினால், வாடிக்கையாளர் துவைக்கும் இயந்திரத்தில் பிழிவதையும் தவிர்ப்பார். சாயம் இறங்கும் துணியென்றால் 'முதல் மூன்று முறை தனியாகத் துவைக்கவும். நிழலில் உலர்த்தவும்' என்று எண்ணிக்கையோடு எழுதுவதே பயன்தரும்.

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாதபோது சந்தை எவ்வாறு சீர்குலையும் என்பதை, ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கினார். இணையக் கடையில் துணியைத் தொட்டுப் பார்க்க இயலாது. தொடுகையின் இடத்தில் சொல்தான் நிற்கிறது. அச்சொல் இரு மொழிகளில் இரு பொருள் தந்தால், போகும் கட்டணமும் திரும்பும் கட்டணமும் சிறு வணிகரின் தலையிலேயே விழும்.

பக்கத்தை வெளியிடும் முன், தமிழ் மட்டும் படிப்பவர் ஒருவரிடமும் ஆங்கிலம் மட்டும் படிப்பவர் ஒருவரிடமும் காட்டி, 'எந்த அளவு வாங்குவீர்கள்?' என்று கேளுங்கள். ஒரே உடல் அளவுக்கு இருவரும் ஒரே விடை சொன்னால் பக்கம் சரி.