‘ஜஸ்ட்’ என்றால் ஏன் சுருக்கென்கிறது?

அலுவலக வாட்ஸ்அப் குழு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன பெண் கேட்கிறார்: “சார், டிராவல் கிளெய்ம் போட முடியலை. பில் அப்லோட் ஆகவே மாட்டேங்குது.” சீனியர் பதில் போடுகிறார்: “ஆக்சுவலி இதெல்லாம் மெயில்லயே இருக்கு. சிம்ப்ளி பிடிஎஃப்பா மாத்திட்டு ஜஸ்ட் சப்மிட் குடுங்க. அவ்ளோதான்.”

பதில் சரியானதுதான். கோபமும் இல்லை, உதவியும் செய்திருக்கிறார். ஆனாலும் அடுத்த முறை குழுவில் எதையாவது கேட்கும் முன் அந்தப் பெண் தயங்குவார். அரை நாள் தனியாகப் போராடிவிட்டு, வேறு வழியில்லாத போதுதான் வாய் திறப்பார். நஷ்டம் அலுவலகத்துக்கும் சேர்த்துத்தான்.

சுருக்கென்று தைப்பது எது? ‘சிம்ப்ளி’யும் ‘ஜஸ்ட்’டும் வேலையைப் பற்றி ஒரு புதுத் தகவலும் தருவதில்லை. ‘இது சுலபம்’ என்ற தீர்ப்பை மட்டும் சொல்கின்றன. சுலபமானது ஒருவருக்கு வரவில்லை என்றால் குறை அவரிடம் என்றாகிவிடுகிறது. ‘ஆக்சுவலி’ வேறு வகை. ‘நீ நினைத்தது ஒன்று, உண்மை வேறு’ என்று திருத்தும் தொனி அதில் இருக்கிறது. அந்தப் பெண் மெயிலைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் வந்ததும், அவர் படிக்காமல் கேட்டுவிட்டார் என்ற அர்த்தம் தானாக ஏறிக்கொள்கிறது. தமிழிலும் இதே வேலையைச் செய்யும் சொற்கள் உண்டு: “சும்மா ஒரு கிளிக்”, “அதுதானே, இதுல என்ன இருக்கு?”

எழுதுபவர் மனதில் பெரும்பாலும் மட்டம்தட்டும் எண்ணமே இருக்காது. ‘பயப்படாதே, சின்ன வேலைதான்’ என்று தைரியம் சொல்லத்தான் நினைத்திருப்பார். எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வாளர் 1990இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்த சோதனை இதை நன்றாக விளக்குகிறது. சிலர் தெரிந்த பாட்டுகளை மேசையில் விரலால் தட்டினார்கள். எதிரே இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3 மட்டுமே. தட்டுபவர் மனதுக்குள் மெட்டு முழுசாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவருக்கோ டொக் டொக் சத்தம்தான். அந்த சீனியரின் நிலையும் இதுதான். பல வருடம் கிளெய்ம் போட்டுப் பழகியவருக்கு அது ஒரே வேலை. புதியவருக்கு அது நாலைந்து படி, ஒவ்வொன்றிலும் ஒரு சந்தேகம். நேரில் சொல்லியிருந்தால் குரலும் சிரிப்பும் அந்த ‘ஜஸ்ட்’டை மென்மையாக்கியிருக்கும். மெசேஜில் சொல் மட்டும்தான் போய்ச் சேருகிறது.

அப்படியானால் என்ன எழுதலாம்? முதலில் அந்த மூன்று சொற்களையும் எடுத்துவிடுங்கள். “இதெல்லாம் மெயில்ல இருக்கு. பிடிஎஃப்பா மாத்திட்டு சப்மிட் குடுங்க.” உறுத்தல் குறைந்துவிட்டது, ஆனால் இன்னும் மொட்டையாக இருக்கிறது. ‘சிம்ப்ளி’ எதை மூடி மறைத்திருந்ததோ அதை இப்போது எழுதிவிட வேண்டும்: “போட்டோவா போட்டா சிஸ்டம் எடுக்காதும்மா. போன்ல பில்லைத் திறந்து, பிரின்ட் ஆப்ஷன்ல ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ குடுத்துட்டு அப்லோட் பண்ணுங்க. திங்கட்கிழமை மெயில்ல படத்தோட இருக்கு, திரும்ப அனுப்பறேன். வரலைன்னா ஸ்கிரீன்ஷாட் போடுங்க.” கொஞ்சம் நீளம்தான். ஆனால் அடுத்த கேள்விக்கு வேலையில்லை. காரணம், வழி, சிக்கினால் என்ன செய்வது என மூன்றும் இருக்கின்றன. தவறைத் திருத்த வேண்டிய இடத்திலும் ‘ஆக்சுவலி’க்குப் பதில் விவரத்தையே போடலாம்: “கடைசி தேதி 5 இல்லை, 7. நேத்துதான் மாத்தினாங்க.”

வேலை கொடுக்கும் போது வரும் “ஜஸ்ட் அஞ்சு நிமிஷ வேலை” என்பதையும் கவனிக்க வேண்டும். எவ்வளவு நேரமாகும் என்பதைச் செய்பவர்தான் சொல்ல முடியும். “இது எவ்வளவு நேரம் எடுக்கும்? இன்னிக்கு முடியுமா?” என்று கேட்பதே நியாயம்.

இந்தச் சொற்கள் எங்கே வந்தாலும் தப்பு என்று நான் சொல்லவில்லை. “இப்போதான் ஜஸ்ட் அனுப்பினேன்” என்பதில் அது நேரத்தைக் குறிக்கிறது. தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளும் ‘ஆக்சுவலி’யும் யாரையும் புண்படுத்தாது. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு வழி சொல்லும் போதும், திருத்தும் போதும்தான் இவை கனமாக விழுகின்றன.

மென்பொருள் உலகில் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஜாங்கோ என்ற மென்பொருளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுபவர்கள் ‘ஈஸிலி’, ‘சிம்ப்ளி’, ‘ஜஸ்ட்’ போன்ற சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்று அதன் வழிகாட்டி கேட்டுக்கொள்கிறது. நம் அலுவலகங்களுக்கு அப்படி ஒரு விதிப் புத்தகம் வேண்டாம். உங்களைவிட இளையவர் ஒருவருக்கு அடுத்த பதிலை அனுப்பும் முன் இந்த மூன்று சொற்களையும் ஒரு முறை தேடிப் பாருங்கள். இருந்தால் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் அடுத்த படி என்ன என்று எழுதுங்கள்.